ராஃப்ட் கிளஸ்டர் தடுமாறும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் நேர்காணலில் "ராஃப்ட் என்றால் என்ன?" என்ற கேள்வி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பல கணினிகளை, அதாவது நோடுகளை, ஒரே பதிவு வரிசையில் உடன்பட வைக்கும் நெறிமுறை ராஃப்ட்; லீடர் எழுத்துகளை ஏற்று ஃபாலோயர்களுக்கு அனுப்பும். லீடர், ஃபாலோயர், ஓட்டு, லாக் என்று நான்கு சொற்களைச் சரியாகச் சொன்னாலே அதைக் கடந்துவிடலாம். அதற்கடுத்து வரும் கேள்விதான் ஆளைப் பிரிக்கும். "டெர்ம் எண் நிற்காமல் ஏறுகிறது, எங்கே பார்ப்பீர்கள்?" "இரண்டு நோடுகள் தாங்களே லீடர் என்கின்றன, இது தவறா?" "வெற்றி என்று பதில் சொன்ன பதிவு காணாமல் போய்விட்டது, எப்படி?" ஆகவே ராஃப்ட்டை விதிகளின் பட்டியலாகப் பார்க்காமல், கோளாறின் பக்கமிருந்து பார்ப்போம். ஒவ்வொரு விதியும் எந்தக் கோளாறைத் தடுக்க வந்தது என்று தெரிந்தால் அதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

கையில் ஐந்து நோடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வல்லின வரிசையில் முதல் ஐந்து எழுத்துகளே அவற்றின் பெயர்கள்: க, ச, ட, த, ப. ஐந்தில் பெரும்பான்மை 3. இரண்டு நோடுகள் செத்துக் கிடந்தாலும் பெரும்பான்மை 3 தான், உயிரோடிருக்கும் மூன்றில் 2 என்று குறையாது. கணக்கு எப்போதும் உறுப்பினர் பட்டியலை வைத்துத்தான். இதில் தடுக்கி விழுபவர்கள் நிறைய.

எதற்கும் முன் எடுக்க வேண்டிய எண்கள்

டெர்ம் என்பது ஆட்சிக்காலத்துக்கு இட்ட வரிசை எண். கடிகாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு நோடு தேர்தலில் நிற்கும்போது தன் டெர்மை ஒன்று கூட்டிக்கொள்ளும். எல்லாச் செய்தியிலும் டெர்ம் எண் இருக்கும். தன்னுடையதைவிடப் பெரிய எண்ணைப் பார்த்த நோடு அந்த எண்ணை ஏற்றுக்கொண்டு ஃபாலோயராக இறங்கிவிடும். சிறிய எண்ணோடு வரும் செய்தியை நிராகரிக்கும். ஒரு டெர்மில் ஒரு நோடுக்கு ஒரே ஓட்டு. அதனால் ஒரு டெர்மில் ஒரு லீடருக்கு மேல் வர வழியில்லை.

லாக் என்பது வரிசையாக அடுக்கிய பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் மூன்று விஷயங்கள்: எத்தனையாவது இடம், எந்த டெர்மில் எழுதப்பட்டது, என்ன கட்டளை. இடமும் டெர்மும் சேர்ந்ததுதான் பதிவின் அடையாளம். இரண்டு நோடுகளில் ஒரே இடத்தில் ஒரே டெர்ம் இருந்தால் அந்தப் பதிவும், அதற்கு முன்னுள்ள எல்லாப் பதிவுகளும் ஒன்றே என்று நம்பலாம்.

கோளாறு என்று வந்தால் ஒவ்வொரு நோடிலிருந்தும் இந்த எண்களை எடுங்கள்:

```
node  role      term  lastIndex  lastTerm  commitIndex
க     leader    7     42         7         41
ச     follower  7     42         7         41
ட     follower  7     41         7         41
த     follower  7     41         7         40
ப     follower  7     38         6         38
```

இது நலமாக இருக்கும் கிளஸ்டரின் படம். பெரும்பான்மை நோடுகளில் சேர்ந்து இனி அழியாது என்று உறுதியாவதுதான் கமிட். 42-ஆம் பதிவு இரண்டு இடங்களில் மட்டும் இருப்பதால் இன்னும் கமிட் ஆகவில்லை. த-வின் `commitIndex` ஒன்று பின்னால் இருப்பது இயல்பு. "41 கமிட் ஆகிவிட்டது" என்ற செய்தி தான் உயிரோடிருப்பதாக லீடர் விடாமல் அனுப்பும் ஹார்ட்பீட் செய்திகளில் அடுத்ததில்தான் அதற்குப் போய்ச் சேரும். ப பின்தங்கியிருக்கிறது, ஆனால் அது கோளாறா இல்லையா என்பதை ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. சில நொடிகள் விட்டு இன்னொரு படம் எடுங்கள். எந்த எண் நகர்ந்தது, எது நகரவில்லை என்பதில்தான் நோய் தெரியும். ராஃப்ட்டில் இயங்கும் `etcd` தரவுக் களஞ்சியம் ஓடும் இடத்தில் இதற்கு இணையான கட்டளை:

```
etcdctl endpoint status --cluster -w table
```

அதில் `RAFT TERM`, `RAFT INDEX`, `RAFT APPLIED INDEX` என்ற மூன்று பத்திகளைப் பாருங்கள்.

அறிகுறி 1: டெர்ம் ஏறிக்கொண்டே போகிறது, லீடர் நிலைப்பதில்லை

முதலில் கேட்க வேண்டியது: டெர்மை ஏற்றுவது யார்? இதற்கு மூன்று விடைகள் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

பல நோடுகள் மாறி மாறி ஏற்றுகின்றன, ஆனால் யாருமே லீடர் ஆகவில்லை என்றால் ஓட்டு பிளக்கிறது. லீடர் க செத்துவிட்டது. மீதி நான்கு. ச-வும் த-வும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தேர்தலில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ளும். ட ச-வுக்கும் ப த-வுக்கும் போடுகிறது. 2-க்கு 2. தேவையோ 3. இருவரும் தோற்று, காத்திருந்து, டெர்மைக் கூட்டி மறுபடியும் நிற்கிறார்கள். காத்திருக்கும் நேரம் இருவருக்கும் ஒன்றென்றால் மறுபடியும் 2-க்கு 2 தான்.

இதனால்தான் அந்தக் காத்திருப்பு நேரமான எலெக்‌ஷன் டைம்அவுட் ஒவ்வொரு முறையும் ஒரு வரம்புக்குள் தற்செயலாக எடுக்கப்படுகிறது. டியேகோ ஒங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹவுட்டும் 2014-இல் வெளியிட்ட ராஃப்ட் கட்டுரை 150 முதல் 300 மில்லிசெகண்ட் வரை என்ற வரம்பைச் சொல்கிறது. தற்செயல் அறவே இல்லாதபோது அவர்களுடைய சோதனையில் தேர்தல் 10 நொடிகளைத் தாண்டியது. வெறும் 5 மில்லிசெகண்ட் சிதறல் சேர்த்ததும், லீடர் இல்லாத நேரத்தின் நடுமதிப்பு 287 மில்லிசெகண்டுக்கு இறங்கியது. சொந்தமாக எழுதிய கோடில் ஓட்டு பிளந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். தற்செயல் எண் எல்லா நோடிலும் ஒரே விதை எண்ணிலிருந்து பிறக்கிறதா? புரோகிராம் தொடங்கும்போது ஒரு முறை மட்டும் எடுத்துவிட்டு அதையே கடைசிவரை பயன்படுத்துகிறதா? இரண்டுமே தவறு.

டைமரை எப்போது மறுபடி பூஜ்யத்தில் வைப்பது என்பதில் இன்னொரு பிழை ஒளிந்திருக்கும். நடப்பு லீடரிடமிருந்து முறையான செய்தி வந்தால் வைக்கலாம். இன்னொரு நோடுக்கு ஓட்டுப் போட்டால் வைக்கலாம். தானே தேர்தலைத் தொடங்கும்போதும் வைக்கலாம். ஓட்டு கேட்டு வந்த நோடை மறுத்துவிட்டு டைமரை மட்டும் புதுப்பிப்பது கூடாது. அப்படிச் செய்தால், ஜெயிக்கவே முடியாத பழைய லாக் வைத்திருக்கும் நோடு திரும்பத் திரும்ப ஓட்டு கேட்டே, ஜெயிக்கக்கூடிய நோடுகளைத் தேர்தலில் நிற்கவிடாமல் வைத்திருக்கும்.

இரண்டாவது விடை: லீடர் வருகிறார், சில நொடிகள் இருக்கிறார், போகிறார். இது ஓட்டுக் கோளாறு அல்ல. லீடருடைய ஹார்ட்பீட் நேரத்துக்கு வெளியே போகவில்லை, அல்லது ஃபாலோயர் அதை நேரத்துக்குப் படிக்கவில்லை. `etcd`-யில் முன்னிருப்பாக ஹார்ட்பீட் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, எலெக்‌ஷன் டைம்அவுட் 1000. பத்து ஹார்ட்பீட் தொடர்ந்து தவறினால்தான் தேர்தல் வரும். அப்படியும் வருகிறதென்றால் முதல் சந்தேகம் டிஸ்க் மீதுதான் விழ வேண்டும். ஓட்டோ லாக் பதிவோ, டிஸ்கில் உறுதியாக இறங்கிய பிறகே பதில் சொல்ல வேண்டும் என்பதால் மெதுவான டிஸ்க் ராஃப்ட்டையே மெதுவாக்கும். `etcd_disk_wal_fsync_duration_seconds` என்ற அளவின் 99-ஆவது சதமானம் 10 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது `etcd` ஆவணத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினால் டைம்அவுட்டை நீட்டும் முன் அந்த டிஸ்கை வேறு எந்த புரோகிராம் பங்கு போடுகிறது என்று பாருங்கள். டிஸ்க் சரியாக இருந்தால் நெட்வொர்க் தூரம். டைம்அவுட், நோடுகளுக்கு இடையேயான போய்வரும் நேரத்தைப் போலக் குறைந்தது பத்து மடங்காவது இருக்கட்டும். டைம்அவுட்டை மிக நீட்டினாலும் விலை உண்டு: லீடர் உண்மையிலேயே செத்தால் அதைக் கண்டுபிடிக்க அத்தனை நேரம் ஆகும், அதுவரை எழுத்து நிற்கும்.

மூன்றாவது விடை: எப்போதும் ஒரே நோடுதான் ஏற்றுகிறது. ப-வின் கேபிள் பிடுங்கிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். அது ஹார்ட்பீட் கேட்காமல் டெர்ம் 8-க்கு நிற்கும், ஓட்டுக் கிடைக்காது, 9-க்கு நிற்கும். கேபிள் மறுபடி சேரும்போது அதன் டெர்ம் 93 ஆகியிருக்கும். மற்ற நால்வரும் 7-இல் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 93 என்ற எண்ணைப் பார்த்ததும் விதிப்படி லீடர் க இறங்கியாக வேண்டும். ப-வின் லாக் பழையது என்பதால் அது ஜெயிக்காது. வேறு யாராவது 94-இல் ஜெயிப்பார்கள். தரவுக்கு ஆபத்து இல்லை, ஆனால் காரணமே இல்லாமல் ஒரு தேர்தல். ஒரு முறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ப பேசுவது மற்றவர்களுக்குக் கேட்டு, மற்றவர்கள் பேசுவது ப-வுக்குக் கேட்காத ஒருவழிப் பழுது என்றால் இது முடிவே இல்லாமல் நடக்கும்.

2020 நவம்பர் 2 அன்று கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் நடந்தது இதற்கு நெருங்கிய உறவு. அவர்களே பொதுவில் விளக்கிய சம்பவம் அது. ஒரு ஸ்விட்ச் முழுதும் சாகாமல் பாதி பழுதானது. மூன்று நோடு `etcd` கிளஸ்டரில் இரண்டு நோடுகளுக்கு இடையே தொடர்பு அறுந்தது, மூன்றாவது நோடு மட்டும் இருவரையும் பார்த்தது. லீடரைப் பார்க்க முடியாத நோடு தேர்தல் கேட்க, நடுவிலிருந்த நோடு இடம் கொடுக்க, லீடர் பதவி நிலைகொள்ளவில்லை.

இதற்கு மருந்து ப்ரீ-வோட். நோடு டெர்மைக் கூட்டும் முன் "நான் நின்றால் ஓட்டுப் போடுவீர்களா?" என்று விசாரிக்கும். லீடருடைய ஹார்ட்பீட்டைச் சமீபத்தில் கேட்டவர்கள் மாட்டேன் என்பார்கள். பெரும்பான்மை சம்மதித்தால் மட்டுமே டெர்ம் கூடும். `etcd` 3.5 பதிப்பிலிருந்து இது முன்னிருப்பாகவே இயங்குகிறது. நேர்காணலில் ப்ரீ-வோட் என்ற பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "இது பாதுகாப்புக்காக அல்ல, அமைதிக்காக" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ப்ரீ-வோட் இல்லாவிட்டாலும் ராஃப்ட் தவறான தரவைத் தராது.

அறிகுறி 2: இரண்டு லீடர்கள்

உடனே பதற வேண்டாம். இரண்டு பேருடைய டெர்மையும் கேளுங்கள்.

டெர்ம் வேறு வேறென்றால் அது ராஃப்ட் எதிர்பார்க்கும் நிலைதான். க-வும் ச-வும் ஒரு பக்கம், ட, த, ப மறுபக்கம் என்று நெட்வொர்க் பிளந்தது. க இன்னும் டெர்ம் 7-இன் லீடர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. மறுபக்கத்தில் ட டெர்ம் 8-இல் ஜெயித்துவிட்டது. க-வால் எழுத்தை ஏற்று லாக்கில் சேர்க்க முடியும், ஆனால் மூன்று பிரதி கிடைக்காததால் எதையும் கமிட் செய்ய முடியாது. பிளவு சேரும்போது 8-ஐப் பார்த்து இறங்கும். கமிட் ஆகாத அதன் வால் பதிவுகள் அழிக்கப்படும்.

ஆனால் வாசிப்பு? இங்கேதான் ஓட்டை. க தன்னிடமுள்ள மதிப்பை யாரையும் கேட்காமல் கொடுத்தால் அது பழைய மதிப்பாக இருக்கலாம். அதனால் வாசிப்புக் கேள்வி வந்ததும் லீடர் தன் `commitIndex`-ஐக் குறித்துக்கொண்டு, ஒரு சுற்று ஹார்ட்பீட் அனுப்பி, பெரும்பான்மை இன்னும் தன்னை லீடராக ஏற்கிறதா என்று உறுதி செய்து, அந்தக் குறித்த இடம் வரை கட்டளைகளை நிறைவேற்றிவிட்டுத்தான் பதில் தர வேண்டும்.

இரண்டு லீடர்களுக்கும் டெர்ம் ஒன்றே என்றால் அப்போது பதறலாம். அது பக். ஒருவர் இரண்டு ஓட்டுப் போட்டிருக்கிறார், யார் என்று கண்டுபிடியுங்கள்.

வழக்கமான கதை இது. டெர்ம் 7-க்கு க ஓட்டு கேட்கிறது. ச-வும் ட-வும் சரி என்கின்றன. க-வுக்கு மூன்று ஓட்டு, லீடர். ட தன் ஓட்டை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. அது விழுந்து எழுந்தபோது டெர்ம் 7 என்பது டிஸ்கில் இருக்கிறது, யாருக்குப் போட்டோம் என்பது இல்லை. அதே டெர்ம் 7-க்கு ப ஓட்டு கேட்கிறது. க-வின் செய்தி இன்னும் போய்ச் சேராத த ஏற்கெனவே ப-வுக்குப் போட்டுவிட்டது. ட-வும் போடுகிறது. ப-வுக்கும் மூன்று. இரண்டு பேரும் 43-ஆம் இடத்தில் டெர்ம் 7 என்று குறித்து வேறு வேறு கட்டளைகளை எழுதுவார்கள். இடமும் டெர்மும் ஒன்றென்றால் பதிவும் ஒன்று என்ற நம்பிக்கை உடைந்துவிட்டதால், இனி எந்தச் சோதனையும் இந்த முரணைக் கண்டுபிடிக்காது. கிளஸ்டர் நலமாக இருப்பதுபோலவே தோன்றும், நோடுக்கு நோடு தரவு மட்டும் மாறியிருக்கும்.

ஆகவே டிஸ்கில் இருந்தே தீர வேண்டியவை மூன்று: `currentTerm`, `votedFor`, `log`. ஓட்டுக்கான பதிலை அனுப்பும் முன், டிஸ்கில் உறுதியாக இறக்கும் `fsync` முடிந்திருக்க வேண்டும். `commitIndex` இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்பார்கள். அதை இழந்தாலும் லீடர் திரும்பக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். ஓட்டை இழந்தால் திரும்பக் கண்டுபிடிக்க வழியில்லை.

டிஸ்க் சரியாக இருந்தும் இது நடந்தால் ஃபாலோயராக இறங்கும் கோடைத் திறந்து பாருங்கள். இப்படி இருக்க வேண்டும்:

```
if req.term > currentTerm {
    currentTerm = req.term
    votedFor = none
    persist()
}
role = follower
```

`votedFor`-ஐ வெறுமையாக்கும் வரி அந்த `if`-க்கு வெளியே நழுவியிருந்தால், அதே டெர்மில் லீடரிடமிருந்து ஒரு செய்தி வந்ததும் ஓட்டு அழிந்துவிடும். பிறகு அதே டெர்மில் இன்னொருவருக்கும் ஓட்டு விழும். ஓட்டு அழிய ஒரே ஒரு காரணம்தான் இருக்கலாம்: டெர்ம் கூடியது.

அறிகுறி 3: லீடர் நிலையாக இருக்கிறார், ஆனால் எழுத்து முடிவதில்லை

டெர்ம் நகரவில்லை. லீடரின் `lastIndex` ஏறுகிறது, `commitIndex` நிற்கிறது. அப்படியென்றால் லாக் பிரதியாவதில்தான் தடங்கல். மூன்று நோடு செத்திருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. எல்லாம் உயிரோடிருந்தும் நகரவில்லை என்றால் பிரதியாகும் விதத்தைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

லீடர் ஒவ்வொரு ஃபாலோயருக்கும் இரண்டு எண்களை வைத்திருக்கும். `nextIndex` என்பது ஊகம்: அடுத்து எந்த இடத்திலிருந்து அனுப்பலாம். `matchIndex` என்பது உறுதி: எந்த இடம் வரை பொருந்துவது தெரிந்துவிட்டது. புதிய லீடர் `nextIndex`-ஐத் தன் கடைசி இடத்துக்கு அடுத்ததாக வைத்து நம்பிக்கையோடு தொடங்கும், `matchIndex`-ஐ 0-இல் வைக்கும். அனுப்பும் பதிவுகளோடு "இதற்கு முந்தைய இடம் இது, அங்கே இருக்க வேண்டிய டெர்ம் இது" என்ற குறிப்பும் போகும். அவைதான் `prevLogIndex`, `prevLogTerm`. ஃபாலோயரிடம் அந்த இடத்தில் அந்த டெர்ம் இல்லையென்றால் மறுக்கும். லீடர் ஒரு படி பின்னால் போய் மறுபடி கேட்கும்.

```
இடம்   38  39  40  41  42
க       6   7   7   7   7
ப       6   6   6
```

எண்கள் டெர்மைக் குறிக்கின்றன. டெர்ம் 6-இல் லீடராக இருந்த ப, 39-ஐயும் 40-ஐயும் எழுதிவிட்டு யாருக்கும் அனுப்பாமல் விழுந்தது. இப்போது டெர்ம் 8-இல் புதிதாக லீடரான க கேட்கும் வரிசை: 42-இல் 7 இருக்கிறதா? இல்லை. 41-இல்? இல்லை. 40-இல் 7? இல்லை, 6 இருக்கிறது. 39-இல் 7? இல்லை. 38-இல் 6? ஆம். அங்கிருந்து 39 முதல் 42 வரை போகும். ப தன் பழைய 39, 40-ஐத் தூக்கி எறிந்து இவற்றை வைத்துக்கொள்ளும். அவை கமிட் ஆகாதவை என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஐந்து சுற்றுக்கு இது பரவாயில்லை. இடைவெளி 50,000 பதிவுகள் என்றால், ஒரு சுற்றுக்கு 1 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும் பொருந்தும் இடத்தைத் தேடவே 50 நொடி. ஒரு ஃபாலோயர் மட்டும் ஓயாமல் பின்தங்குவதற்கு இது ஒரு காரணம். மறுக்கும்போதே "அந்த இடத்தில் என்னிடம் இருப்பது டெர்ம் 6, அந்த டெர்ம் தொடங்கும் இடம் இது" என்று ஃபாலோயர் சொல்லிவிட்டால், லீடர் ஒரு டெர்ம் முழுவதையும் ஒரே தாவலில் கடக்கலாம்.

கமிட் கணக்கு தவறுவதும் இங்கேதான். பதில் வந்ததும் `matchIndex`-ஐ லீடருடைய இப்போதைய லாக் நீளத்துக்கு ஏற்றிவிடும் கோடு அடிக்கடி கண்ணில் படும். கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் லீடரின் லாக் வளர்ந்திருக்கும். ஃபாலோயரிடம் இல்லாததை இருப்பதாக எண்ணிக் கமிட் செய்துவிடும். ஏற்ற வேண்டிய அளவு, அந்தக் கேள்வியில் அனுப்பிய `prevLogIndex` கூட்டல் அதில் அனுப்பிய பதிவுகளின் எண்ணிக்கை.

விநோதமான ஒரு வகையும் இருக்கிறது. லீடர் மாறியதும் கமிட் நின்றுவிடுகிறது, எல்லா நோடிலும் பதிவுகள் இருக்கின்றன, ஆனாலும் நகரவில்லை. யாரோ புதிதாக ஒன்றை எழுதினால் எல்லாம் சேர்ந்து ஒரே தாவலில் கமிட் ஆகின்றன. பார்க்க பக் போலிருக்கும். இது பக் அல்ல, அடுத்த அறிகுறியைத் தடுக்கும் விதியின் நிழல்.

அறிகுறி 4: கமிட் ஆனது என்று சொன்ன பதிவு காணவில்லை

இருப்பதில் மிக மோசமானது இது. நேர்காணலில் பெரும்பாலும் வெண்பலகையில் வரைந்து காட்டச் சொல்வதும் இதைத்தான்.

முதலில் எளிய காரணங்களைத் தள்ளிவிடுங்கள். ஃபாலோயர் டிஸ்கில் இறக்கும் முன் "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்கிறதா? மின்சாரம் போனால் போச்சு. அடுத்து, பழைய செய்தி தாமதமாக வந்தால் ஃபாலோயர் என்ன செய்கிறது? 39 வரை உள்ள பதிவுகளோடு ஒரு செய்தி நெட்வொர்க்கில் மாட்டிக்கொண்டது. இதற்குள் வேறு செய்தியில் 42 வரை வந்து, ஃபாலோயர் ஒப்புக்கொண்டும் விட்டது. இப்போது அந்தப் பழைய செய்தி வருகிறது. "வந்ததோடு என் லாக் முடிகிறது" என்று 40, 41, 42-ஐ வெட்டிவிட்டால், லீடர் எண்ணிக் கமிட் செய்த பிரதி ஒன்று குறைந்துபோகும். வெட்டலாம், ஆனால் வந்த பதிவும் தன்னிடமுள்ள பதிவும் டெர்மில் முரண்படும்போது மட்டும்.

இரண்டும் இல்லையென்றால் ஓட்டு நிபந்தனையைப் பாருங்கள். ஓட்டு கேட்பவரின் லாக் நம்முடையதைவிடப் பழையதென்றால் ஓட்டுப் போடக் கூடாது. "பழையது" என்பதற்கு அளவு நீளமல்ல. முதலில் கடைசிப் பதிவின் டெர்ம். அது சமமாக இருந்தால்தான் நீளம். டெர்ம் 3-இல் பத்துப் பதிவு வைத்திருப்பவர், டெர்ம் 4-இல் முடியும் ஐந்து பதிவு வைத்திருப்பவரிடம் தோற்க வேண்டும். நீளத்தை முதலில் ஒப்பிட்ட கோடு மாதக்கணக்கில் சரியாக ஓடி, ஒருநாள் தரவைத் தின்னும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பதிவு காணாமல் போக ஒரு வழி இருக்கிறது. எல்லா நோடிலும் 1-ஆம் இடம் டெர்ம் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெர்ம் 2-இல் க லீடர். 2-ஆம் இடத்தில் ஒரு பதிவு எழுதி ச-வுக்கு மட்டும் அனுப்பிவிட்டு விழுகிறது. டெர்ம் 3-இல் ப நிற்கிறது. ட, த ஓட்டுப் போடுகின்றன. ப தன் லாக்கில் மட்டும் 2-ஆம் இடத்தில் வேறொரு பதிவை எழுதிவிட்டு விழுகிறது. க எழுந்து, டெர்ம் 4-இல் ச, ட ஓட்டோடு மறுபடி லீடர் ஆகிறது. விட்ட இடத்திலிருந்து தொடங்கி, தன் பழைய பதிவை ட-வுக்கும் அனுப்புகிறது.

```
இடம்   1  2
க      1  2
ச      1  2
ட      1  2
த      1
ப      1  3
```

டெர்ம் 2-இல் எழுதிய பதிவு இப்போது மூன்று நோடில் இருக்கிறது. பெரும்பான்மை. கமிட் என்று சொல்லிவிடலாமா?

சொன்னதாக வைத்துக்கொள்வோம். பயனருக்கு வெற்றி என்று பதில் போய்விட்டது. க மறுபடி விழுகிறது. ப எழுந்து நிற்கிறது. டெர்ம் 4-க்கு முயன்றால் ச-வும் ட-வும் அந்த டெர்மில் ஏற்கெனவே க-வுக்குப் போட்டுவிட்டதால் மறுப்பார்கள். டெர்ம் 5-க்கு நிற்கிறது. அதன் கடைசிப் பதிவின் டெர்ம் 3. ச, ட கையில் இருப்பது 2. 3 பெரிது, ஆகவே விதிப்படி ஓட்டுப் போட்டாக வேண்டும். ப லீடர். 2-ஆம் இடத்தில் தன் பதிவை எல்லோர் மேலும் எழுதுகிறது. கமிட் என்று சொன்ன பதிவு போயே போய்விட்டது. யாரும் விதியை மீறவில்லை.

தவறு க எண்ணிய விதத்தில். முந்தைய டெர்மின் பதிவு மூன்று இடத்தில் இருப்பது பாதுகாப்பு அல்ல. அதைவிடப் பெரிய டெர்மோடு யாரோ ஒருவர் வெளியே இருக்கலாம். அதனால் லீடர் தன் நடப்பு டெர்மில் எழுதிய பதிவை மட்டுமே பிரதி எண்ணிக் கமிட் செய்ய வேண்டும்:

```
if N > commitIndex && replicas(N) >= 3 && log[N].term == currentTerm {
    commitIndex = N
}
```

`replicas(N)` என்பதில் லீடர் தன்னையும் சேர்த்து எண்ணுகிறது. இப்போது அதே கதையில், க விழும் முன் 3-ஆம் இடத்தில் டெர்ம் 4-இன் பதிவு ஒன்றை ச-வுக்கும் ட-வுக்கும் அனுப்பியிருந்தால்? மூன்று பேருடைய கடைசி டெர்ம் 4. ப-வின் 3 அவர்களிடம் செல்லாது. ப-வுக்கு மிஞ்சிப் போனால் த-வின் ஓட்டும் தன் ஓட்டும், இரண்டுதான். 3-ஆம் இடம் கமிட் ஆகும்போது அதற்கு முன்னுள்ள 2-ஆம் இடமும் கூடவே பத்திரமாகிவிடும்.

மூன்றாவது அறிகுறியின் விநோதம் இப்போது புரிந்திருக்கும். புதிய லீடரிடம் தன் டெர்மின் பதிவு ஒன்றுமே இல்லாதவரை அவரால் பழையவற்றைக் கமிட் செய்ய முடியாது. யாராவது எழுதும்வரை காத்திருப்பதற்குப் பதில், லீடர் ஆனவுடனே கட்டளை எதுவும் இல்லாத ஒரு வெற்றுப் பதிவைத் தன் டெர்மில் எழுதி அனுப்பிவிடுவது வழக்கம். இரண்டாம் அறிகுறியில் சொன்ன வாசிப்பு முறையும் இந்த வெற்றுப் பதிவு கமிட் ஆன பிறகுதான் நம்பத்தக்கது. அதுவரை லீடரின் `commitIndex` உண்மை நிலையைவிடப் பின்தங்கியிருக்கலாம்.

பதிவு காணவில்லை என்று புகார் வந்தால் கடைசியாக ஒன்றைச் சரிபாருங்கள்: பயனருக்கு வெற்றி என்ற பதில் போனதா, அல்லது டைம்அவுட் ஆனதா? டைம்அவுட் என்றால் ராஃப்ட் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பதிவு அழிந்திருக்கலாம், கமிட்டும் ஆகியிருக்கலாம். அந்த நேரத்தில் கிளையன்ட் அதே கட்டளையை மறுபடி அனுப்பினால், காணாமல் போவதற்கு நேர்மாறான புகார் வரும்: கணக்கில் ஒரே தொகை இரண்டு முறை கழிந்திருக்கும். கிளையன்ட் ஒவ்வொரு கட்டளையோடும் தன் அடையாளத்தையும் ஒரு வரிசை எண்ணையும் அனுப்ப வேண்டும்; கமிட் ஆன கட்டளையை நிறைவேற்றும் இடத்தில், ஏற்கெனவே பார்த்த வரிசை எண் என்றால் மறுபடி நிறைவேற்றாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். இந்த வரிசை எண் அட்டவணை, லாக்கைச் சுருக்க அவ்வப்போது சேமிக்கும் நிலைப் பிரதியான ஸ்னாப்ஷாட்டிலும் சேர்ந்தே போக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுந்த நோடு மட்டும் அந்தத் தொகையை இரண்டாம் முறை கழிக்கும்.